உஷார்! லெட்டர் கொடுத்ததால் நாமினி மாறிவிடாது

"அதெல்லாம் லெட்டர் குடுத்தாச்சுங்கண்ணா."

என் சித்தப்பா மகன் என்னிடம் இதைச் சொன்னபோது அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். பேங்க் கணக்கில் நாமினி யார் பெயர் இருக்கிறது என்று பேச்சுவாக்கில்தான் கேட்டேன். கணக்கு தொடங்கும்போது அப்பா பெயர் கொடுத்ததாகவும், இப்போது சம்சாரம் பெயருக்கு மாற்றச் சொல்லி லெட்டர் கொடுத்துவிட்டதாகவும் சொன்னான். நானும் விட்டுவிட்டேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஒப்புகைச் சீட்டு வாங்கினாயா என்று. கேட்கவில்லை.

அடுத்த வருஷம் பைக் விபத்தில் போய்விட்டான். கைக்குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். அவன் பெயரில் மூன்று எஃப்.டி. ரசீதுகள், கூட்டினால் ஒன்பது லட்சம். காரியம் எல்லாம் முடிந்து அவன் மனைவி கிளைக்குப் போனபோது, கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அங்கே சொன்னது ஒரே வரி: "நாமினி உங்க மாமனாருங்க."

அந்தப் பெண் அழவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டியிருக்கிறாள். லெட்டரைக் கொடுப்பதற்கு முன்னால் அவன் எடுத்து வைத்த படம். பிறகு என்னிடமும் அதைக் காட்டினாள். கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தபடி அழகாக இருந்தது. "எனக்குத் திருமணம் ஆகிவிட்டபடியால் என் நாமினியாக என் மனைவியின் பெயரைச் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." கூடவே கல்யாணப் பத்திரிகையும் இணைத்திருந்தான். கிளையில் அப்படி ஒரு லெட்டரே இல்லை என்றார்கள். வந்ததா, யார் வாங்கினார்கள், எந்த ஃபைலில் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. படத்தில் இருந்த தாளில் பேங்க் சீல் இல்லை. கொடுப்பதற்கு முன் எடுத்த படத்தில் எப்படி இருக்கும்?

இனி, அந்த லெட்டர் பத்திரமாகக் கிடைத்திருந்தால்கூட என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம். அதுதான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த லெட்டரில் சேமிப்புக் கணக்கு எண் மட்டுமே இருந்தது. எஃப்.டி. எண்கள் ஒன்றுகூட இல்லை. மனைவியின் வயது இல்லை, முகவரி இல்லை. பழைய நாமினியை மாற்றச் சொல்கிறோமா, கூடுதலாக ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்கிறோமா என்றும் தெளிவாக இல்லை. "சேர்த்துக்கொள்ளுமாறு" என்றுதானே எழுதியிருந்தான்? இதற்கெல்லாம் மேலாக, அது லெட்டர். படிவம் இல்லை.

நாமினி என்பது பேங்க் தன் விருப்பப்படி வைத்துக்கொண்ட ஏற்பாடு அல்ல. 1949-ம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 45இசட்.ஏ. என்ற பிரிவு அதற்கென்றே இருக்கிறது. அதன் கீழ் விதிகள் உண்டு, அந்த விதிகளோடு படிவங்கள் உண்டு. 1985-ம் ஆண்டு விதிகளின்படி புதிதாக நாமினி வைக்க டி.ஏ.1, ரத்து செய்ய டி.ஏ.2, மாற்ற டி.ஏ.3 என்று இருந்தது. பேங்கில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மூன்றும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். நாமினியை மாற்ற வேண்டும் என்றால் மாற்றுவதற்கான படிவத்தைப் பூர்த்தி செய்து கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும், பேங்க் அதைப் பதிவு செய்ய வேண்டும். நாம் எழுதும் லெட்டர் அந்தப் படிவத்தின் முதுகில் ஏறிப் போகிற துணைக் கடிதம் மட்டுமே. படிவம் இல்லாமல் லெட்டர் மட்டும் போனால், குதிரை இல்லாமல் சேணம் மட்டும் போன மாதிரி.

இன்னொன்றும் உடனே சொல்லிவிடுகிறேன். வங்கிச் சட்டத் திருத்தத்தால் 2025 நவம்பர் 1 முதல் நாமினி விதிகள் மாறியிருக்கின்றன. ஆகவே யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய ஃபாரத்தையோ, வீட்டு அலமாரியில் மஞ்சளாகிக் கிடக்கும் ஜெராக்ஸையோ நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். "நாமினி மாற்ற இப்போ நடப்பில இருக்கிற ஃபாரம் குடுங்க" என்று கவுன்டரிலேயே கேட்டு வாங்குங்கள்.

வேடிக்கை என்னவென்றால், என் தம்பி மெனக்கெட்டு இணைத்த கல்யாணப் பத்திரிகைக்கு அங்கே வேலையே இல்லை. நாமினி மனைவியாகத்தான் இருக்க வேண்டும், மகனாகத்தான் இருக்க வேண்டும் என்று பேங்க் கணக்கில் கட்டாயம் கிடையாது. யார் பெயரை வேண்டுமானாலும் கொடுக்கலாம், அது ஒரு தனி மனிதராக இருந்தால் சரி. பழைய நாமினியின் சம்மதமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம், அவருக்குத் தெரிவிக்கவும் வேண்டாம். "அப்பா வந்து கையெழுத்துப் போடணுமே, அவர் மனசு கஷ்டப்படுமே" என்று தள்ளிப்போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கவலை வேண்டாம்.

கல்யாணம் ஆனதும் பழைய நாமினி தானாகவே காலாவதி ஆகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. பி.எஃப். திட்டத்தில் அப்படி ஒரு விதி இருக்கிறது. குடும்பம் என்று யாரும் இல்லாத காலத்தில் ஒரு வெளியாளை நியமித்திருந்தால், பிறகு குடும்பம் அமைந்தவுடன் அந்த நியமனம் செல்லாது. கம்பெனியில் ஹெச்.ஆர். சொன்னதைக் கேட்டு, பேங்கிலும் அதே கதைதான் என்று நினைத்துவிடுகிறோம். பேங்கில் அந்தக் கதையே கிடையாது. நீங்கள் தாலி கட்டினாலும் சரி, மூன்று பிள்ளை பெற்றாலும் சரி, இருபத்திரண்டு வயதில் முதல் சம்பளக் கணக்கு தொடங்கியபோது எழுதிய பெயர்தான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும்.

சரி, அப்பா பெயர்தானே இருக்கிறது, அவர் என்ன அந்நியரா? இப்படித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தூக்கிவாரிப் போடும்.

என் தம்பி உயில் எழுதவில்லை. ஒன்பது லட்சமும் அவன் உழைத்துச் சேர்த்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, ஓர் ஆண் உயில் இல்லாமல் இறந்தால் அவனுடைய முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, பிள்ளைகள், அம்மா. அப்பா அந்த வகுப்பிலேயே இல்லை! முதல் வகுப்பில் யாருமே இல்லாவிட்டால்தான் அப்பாவின் முறை வருகிறது. ஆக என் தம்பியின் ஒன்பது லட்சத்தில் மனைவிக்கு மூன்று லட்சம், மகளுக்கு மூன்று லட்சம், அம்மாவுக்கு மூன்று லட்சம். அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால் பேங்க் யார் கையில் கொடுக்கும்? நாமினி என்று பதிவாகியிருக்கும் அப்பா கையில், ஒன்பது லட்சத்தையும் முழுசாக.

கொடுத்தது தப்பு என்று பேங்கின் மேல் வழக்குப் போட முடியுமா? முடியாது. பதிவான நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் பேங்கின் பொறுப்பு அதோடு தீர்ந்தது. நாமினி பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுகிறாரா என்றால் அதுவும் இல்லை. 2010-ல் உச்ச நீதிமன்றம் ராம் சந்தர் தல்வார் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. நாமினிக்குப் பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே உண்டு, பணம் வாரிசுரிமைச் சட்டப்படி யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களுக்குத்தான். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் இதற்கு அர்த்தம், வாங்கிக்கொண்டவரிடமிருந்து வாரிசுகள் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான். கொடுக்காவிட்டால் மாமனார் மேல் மருமகள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். கைக்குழந்தையோடு.

அந்தப் பெண்ணும் சும்மா இருக்கவில்லை. "இந்தப் பணத்தை அவருக்குக் கொடுக்கக் கூடாது" என்று மேனேஜருக்கு லெட்டர் எழுதினாள். தாசில்தார் தந்த வாரிசு சான்றிதழையும் கூட வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அதே சட்டத்தில் அடுத்த பிரிவு, 45இசட்.பி. என்ன சொல்கிறது என்றால், கணக்குக்காரர் தவிர வேறு யாருடைய உரிமைக் கோரிக்கையையும் பேங்க் கண்டுகொள்ள வேண்டியதில்லை. கோர்ட்டிலிருந்து ஆணையோ சான்றிதழோ வந்தால் மட்டும் பேங்க் நிற்கும். தாசில்தார் அலுவலகம் கோர்ட் இல்லை. நாமினியாகப் பதிவானவர் க்ளைம் ஃபாரம், இறப்புச் சான்றிதழ், தன்னுடைய அடையாளச் சான்று இவ்வளவோடு வந்தால் போதும். இந்தச் சுலபத்துக்காகத்தான் நாமினி என்ற ஏற்பாடே வந்தது. பெயர் சரியாக இருந்தால் அது வரம். பெயர் பழசாக இருந்தால் அதே சுலபம்தான் எதிரி, ஏனென்றால் கோர்ட்டுக்குப் போய் ஆணை வாங்குவதற்குள் பணம் கைமாறிவிடும்.

என் சித்தப்பா கெட்டவர் என்று நான் எழுதினால் பாவம். மூத்தவனுடைய தறிக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். "பேத்திக்குத்தானே, அப்புறம் குடுத்தர்றன்" என்றுதான் எடுத்தார். அந்த "அப்புறம்" இன்னும் வரவில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாற்றுவதென்று முடிவெடுத்துவிட்டீர்கள். படிவமும் வாங்கியாயிற்று. எழுதும்போது நம் ஊரில் எங்கே இடறும் தெரியுமா? இனிஷியலில்.

கல்யாணத்துக்கு முன் மனைவியின் பெயருக்கு முன்னால் அவளுடைய அப்பாவின் எழுத்து. கல்யாணத்துக்குப் பின் ரேஷன் கார்டில் கணவன் எழுத்து. ஆதாரில் எது இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கல்யாண உற்சாகத்தில் மாப்பிள்ளை தன் எழுத்தைப் போட்டு நாமினி பெயரை எழுதிவிடுவார். பிறகு ஒரு நாள் அந்தப் பெண் அப்பா இனிஷியல் உள்ள ஆதாரோடு கவுன்டரில் நிற்கும்போது, "இது வேற ஆளும்மா" என்ற பதில் வரும். ஒரே பெண்தான் என்று நிரூபிக்கக் கூடுதல் தாள்களும் அலைச்சலும். ஆகவே நாமினியின் பெயரை இன்றைக்கு அவர் கையில் இருக்கும் அடையாள அட்டையைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். ஆசைக்கு எழுதாதீர்கள். பின்னால் ஆதாரில் பெயரை மாற்றினால் நாமினி பதிவையும் மாற்றிவிடுங்கள்.

கணக்கு பெண்ணுடையது என்றால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பின் நிறையப் பெண்கள் கையெழுத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். புது இனிஷியலோடு புதுக் கையெழுத்து. பேங்கில் இருப்பதோ காலேஜ் காலத்துக் கையெழுத்து. இரண்டும் ஒத்துப்போகாத படிவத்தை அவர்கள் பதிவு செய்ய மாட்டார்கள். அதைவிட மோசம், அதை உங்களிடம் சொல்லாமலேயே ஓரமாக வைத்துவிடுவதும் நடக்கும். நாமினி படிவத்தில் பேங்கில் பதிவாகியிருக்கும் பழைய கையெழுத்தையே போடுங்கள். கையெழுத்தை மாற்ற வேண்டுமென்றால் அதைத் தனியாக முதலில் முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். கையெழுத்துப் போடுகிறவர்களுக்குச் சாட்சி தேவையில்லை. கைநாட்டு வைப்பவர்களுக்கு மட்டும் இரண்டு சாட்சிகள் வேண்டும்.

ஜாயின்ட் அக்கவுன்டாக இருந்தால் கணக்கில் உள்ள எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். "யாராவது ஒருவர்" பணம் எடுக்கலாம் என்று வைத்திருந்தாலும், நாமினி மாற்றம் ஒருவர் கையெழுத்தில் நடக்காது. அம்மாவும் மகனும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கில், மகன் மட்டும் கையெழுத்திட்டு மனைவியை நாமினி ஆக்கிவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார். அது பதிவாகியிருக்காது. தவிர, யாராவது ஒருவர் அல்லது இருப்பவர் என்று உள்ள கணக்கில் நாமினிக்கு வேலை வருவது கணக்குக்காரர்கள் எல்லாரும் போன பிறகுதான். அம்மா இருக்கும்வரை பணம் அம்மாவுக்கு. மனைவி நாமினியாக இருந்தும் பிரயோஜனமில்லை.

அடுத்தது குழந்தை பிறந்தவர்கள். இங்கே உஷாரைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டும்.

குழந்தை பிறந்த சந்தோஷத்தில் மனைவி பெயரை எடுத்துவிட்டுக் குழந்தை பெயரை மட்டும் நாமினியாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். "எல்லாம் என் பொண்ணுக்குத்தான்" என்று பெருமையாகவும் சொல்வார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரை நாமினி ஆக்கலாம், தடையில்லை. ஆனால் அந்தக் குழந்தை மைனராக இருக்கும்போது பணத்தை யார் வாங்கிக்கொள்வது என்று பெரியவர் ஒருவரை நியமிக்கவும் சட்டம் வழி செய்திருக்கிறது. படிவத்தில் அதற்குத் தனி வரி உண்டு, குழந்தையின் பிறந்த தேதிக்குக் கீழே. அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இன்னும் சிலர் மரியாதைக்காகத் தாத்தா பெயரை அங்கே எழுதுகிறார்கள். எழுபது வயது தாத்தாவை, பதினெட்டு வருஷம் காத்திருக்க வேண்டிய பொறுப்புக்கு! அந்த வரியில் எழுதுகிற பெயரிடம்தான் பணம் போகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் அங்கே வர வேண்டியது குழந்தையின் அம்மா பெயர்தான்.

பெயர் வைப்பதற்கு முன்பே ஓடாதீர்கள். நம் ஊரில் பிறப்பைப் பதிவு செய்யும்போது குழந்தைக்குப் பெயர் முடிவாகியிருக்காது. பெயர் இல்லாமலேயே பிறப்புச் சான்றிதழ் வந்துவிடும், பெயரைப் பிறகு சேர்க்கலாம். ஒரு வருஷத்துக்குள் என்றால் கட்டணமில்லை. அந்த இடைக்காலத்தில் "பாப்பா" என்றோ, வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரையோ நாமினி படிவத்தில் எழுதிவைத்தால், பின்னால் சான்றிதழில் வேறு பெயர் நிற்கும். சான்றிதழில் பெயர் ஏறிய பிறகு குழந்தையைச் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை மனைவியோ கணவனோ இருக்கட்டும்.

இனி அந்தப் புது வசதி. 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம். அதற்கு முன் ஒருவர்தான். நல்ல மாற்றம்தான், என் தம்பிக்கு இது கிடைத்திருந்தால் மனைவி, மகள், அம்மா மூவருக்கும் பிரித்து எழுதியிருக்கலாம். ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நான்கு பேரை இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று, எல்லாருக்கும் ஒரே நேரத்தில், ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று. மற்றது, ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசையாக.

வரிசை முறையில் முதல் பெயர் மனைவி, இரண்டாவது மகள் என்று எழுதினால், "ரெண்டு பேருக்கும் கிடைக்கும்" என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிடைக்காது. மனைவி உயிரோடு இருந்தால் முழுப் பணமும் அவரிடம். மனைவி இல்லாமல் போனால்தான் மகளின் முறை. பங்காகப் போக வேண்டுமென்றால் சதவீத முறையைத்தான் எடுக்க வேண்டும். அதில் கூட்டினால் சரியாக நூறு வர வேண்டும். "சமமாக" என்று எழுதிவிட்டு விடாதீர்கள். மூன்று பேர் என்றால் 34, 33, 33 என்று எண்ணால் எழுதுங்கள். சதவீத முறையில் ஒருவர் உங்களுக்கு முன் இறந்துவிட்டால் அவருடைய பங்கு தானாக மற்றவர்களுக்குப் பிரியாது. அந்தப் பங்குக்கு மட்டும் நாமினி இல்லாத நிலை வந்துவிடும். அம்மா பெயர் உள்ள வீடுகளில் இது முக்கியம். அம்மா காலமானால் துக்கத்தோடு துக்கமாகப் படிவத்தையும் திரும்ப மாற்ற வேண்டும். லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான் உண்டு, சதவீதம் கிடையாது. நகையைச் சதவீதம் போட்டு அறுக்க முடியாதல்லவா?

லாக்கர் என்றதும் சொல்ல வேண்டியது, லாக்கருக்கு நாமினி தனி. சேமிப்புக் கணக்கில் மாற்றியதால் லாக்கரில் மாறாது. ஒவ்வொரு எஃப்.டி.யும்கூடத் தனிக் கணக்குதான். பழைய எஃப்.டி. தானாக ரெனியூவல் ஆகும்போது பழைய நாமினியும் கூடவே ரெனியூவல் ஆகிக்கொண்டு போவார். என் தம்பியின் மூன்று ரசீதும் அப்படித்தான், அப்பா பெயரோடு வருஷா வருஷம் புதுப்பிறப்பு எடுத்துக்கொண்டிருந்தன. சேமிப்புக் கணக்கில் அவன் சரியாக மாற்றியிருந்தால்கூட அந்த ஒன்பது லட்சம் தப்பியிருக்காது.

ஆகவே லெட்டர் எழுதுவதே வீணா என்றால், இல்லை. லெட்டரை நான் எழுதச் சொல்வேன், ஆனால் வேறு காரணத்துக்காக. எந்தெந்தக் கணக்குக்கு மாற்றச் சொன்னோம், எந்தத் தேதியில் சொன்னோம் என்பதற்கு அதுதான் நம் கையில் இருக்கும் தடயம். படிவங்களோடு இப்படி ஒரு தாள் போகட்டும்:

அனுப்புநர்
(பேங்க் கணக்கில் உள்ளபடியே பெயர், முகவரி, கைபேசி எண்)

பெறுநர்
கிளை மேலாளர்
(வங்கி, கிளை)

பொருள்: பழைய நாமினியை நீக்கிப் புதிய நாமினியைப் பதிவு செய்தல்

ஐயா / அம்மா,

தங்கள் கிளையில் என் பெயரில் உள்ள கீழ்க்கண்ட கணக்குகளில் இதுவரை நாமினியாக இருந்த (பெயர், உறவு) என்பவருக்குப் பதிலாக, (அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், உறவு, பிறந்த தேதி, முகவரி) என்பவரை நாமினியாக மாற்றுகிறேன்.

1. சேமிப்புக் கணக்கு எண்: ……
2. வைப்புத்தொகைக் கணக்கு எண்கள்: ……, ……, ……
3. லாக்கர் எண்: ……

ஒவ்வொன்றுக்கும் உரிய படிவத்தைப் பூர்த்தி செய்து இத்துடன் இணைத்துள்ளேன். இணைப்புப் படிவங்கள் மொத்தம்: …… (மைனர் நாமினி என்றால்: நாமினி மைனராக இருக்கும் காலத்தில் தொகையைப் பெற (பெயர், வயது, உறவு, முகவரி) என்பவரை நியமித்துள்ளேன்.)

ஒவ்வொரு கணக்குக்கும் பதிவு செய்ததற்கான ஒப்புகையைத் தந்து, பாஸ்புக்கிலும் வைப்புத்தொகை ரசீதிலும் நாமினி பதிவான விவரத்தையும் நாமினியின் பெயரையும் அச்சிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம், தேதி, (பேங்கில் பதிவான) கையெழுத்து

இதை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் பெற்றுக்கொண்டதற்கான சீலும் தேதியும் வாங்குங்கள். ஆனால் அந்த சீலோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். சீல் என்பது தாள் வந்து சேர்ந்ததற்கு அடையாளம், நாமினி மாறியதற்கு அல்ல. மாறியதற்கு அடையாளம் பதிவு ஒப்புகைதான். வாடிக்கையாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நாமினி படிவத்துக்கு எழுத்தில் ஒப்புகை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பாஸ்புக்கில் நாமினி பதிவானதை அச்சிடவும் சொல்லியிருக்கிறது. நாமினியின் பெயரையும் அச்சிடச் சொல்லுங்கள், பெயர் இல்லாவிட்டால் "நாமினி பதிவாகியுள்ளது" என்று மொட்டையாகத்தான் வரும். அந்த மொட்டை வரி எத்தனை வீடுகளை ஏமாற்றியிருக்கிறதோ. "நாமினி பதிவாகியிருக்கே, பாருங்க" என்று பாஸ்புக்கைக் காட்டுவார்கள். பதிவாகியிருக்கிறது, சரி. யார் பெயர்? அதனால்தான் லெட்டரிலேயே பெயரைக் கேட்டு எழுதச் சொன்னேன்.

கவுன்டரில் "ஆன்லைன்ல மாத்திக்கங்க" என்று அனுப்பினால் கோபப்பட வேண்டியதில்லை. ஆன்லைனில் மாற்றினாலும் மாற்றம் மாற்றம்தான். மாற்றியதும் ஒவ்வொரு எஃப்.டி.யையும் தனித்தனியாகத் திறந்து நாமினி பெயரைப் பார்த்து, அந்தத் திரையைச் சேமித்துவையுங்கள். படிவத்தை வாங்கவே மறுத்தாலோ, வாங்கிக்கொண்டு ஒப்புகை தராமல் இழுத்தடித்தாலோ, பேங்கின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ cms.rbi.org.in என்ற ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் தளத்தில் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். அங்கே முதலில் உதவப்போவது சீல் வாங்கிய அந்த இரண்டாம் பிரதிதான்.

சென்ற மாதம் அந்தப் பெண்ணை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். தையல் யூனிட்டில் வேலைக்குப் போகிறாள். பாப்பா இப்போது தளிர்நடை போடுகிறது. "மாமா, சம்பளக் கணக்கு தொடங்கினேன். நாமினி பாப்பா பேரு, வாங்கிக்கிறதுக்கு எங்கம்மா பேரு. சரிங்களா?" என்று கேட்டாள். பர்ஸிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். பதிவு ஒப்புகை. வாங்கிப் பார்த்தேன். கணக்கு எண் சரி, பாப்பா பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி, பிறந்த தேதி சரி. அவளுடைய அம்மா பெயரில் மட்டும் ஓர் எழுத்து பிசகியிருந்தது.

"நாளைக்கே போயி திருத்தியாங்க அம்மணி" என்றேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க மாமா. திங்கட்கிழமை காத்தால போயர்றேன்" என்றாள்.